சிங்க் நாற்றத்துக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி வழியாக வந்த பிளம்பரிடம் என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் இன்னும் தணியவில்லை. நீங்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சமையலறை சிங்கிலிருந்து சாக்கடை வாடை. வந்தவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "பழசு சார், முழுசா மாத்தணும்" என்றார். சிங்குக்கு அடியில் U மாதிரி இருந்த குழாய் வளைவைக் கழற்றி எறிந்துவிட்டு, சுருங்கி விரியும் நெளிகுழாயை மாட்டினார். அதை ஒரு வளை வளைத்து, அப்படியே செங்குத்தாகத் தரைக்குள் இறக்கினார். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, "இப்ப மோந்து பாருங்க" என்றார். வாடை சுத்தமாக இல்லை. கண்ணெதிரே நின்றுபோன வாடையை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? பணத்தை அனுப்பினேன், செயலியில் 'வேலை முடிந்தது' என்றும் அழுத்தினேன்.

அன்று இரவே பாத்திரம் கழுவி, சிங்க் நிறைய இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டதும் கடைசியில் 'களக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் முன்பைவிட மோசமான நாற்றம்.

அந்த ஒரு குவளைத் தண்ணீரில்தான் ஏமாற்று இருக்கிறது. வாடையைத் தடுப்பது குழாய் புதியதா பழையதா என்பது அல்ல, வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர். நல்ல வளைவில் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்காவது தண்ணீர் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். சாக்கடைக் காற்று உள்ளே வர வேண்டுமென்றால் அந்த 50 மில்லிமீட்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒழுங்காகப் போட்ட கழிவுக் குழாயில் அவ்வளவு அழுத்தம் இருக்காது. மெதுவாக ஊற்றினால் வளைவு நிரம்பி நிற்கும், எந்தக் குழாயாக இருந்தாலும் வாடை நின்றுவிடும்.

சிங்க் முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிடும்போது கதை வேறு. வளைவைத் தாண்டியதும் குழாய் செங்குத்தாக இறங்கினால், தண்ணீர் குழாயை முழுசாக அடைத்துக்கொண்டு கீழே பாயும். அதன் பின்னால் காற்று நுழைய வழியில்லை, அழுத்தம் குறைகிறது. சிங்க் பக்கத்துக் காற்று வளைவில் இருக்கும் தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. ட்ரம்மிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்குவோமே, அதே வேலைதான். கடைசியில் காற்று உடைத்துக்கொண்டு போகும் சத்தம்தான் நான் கேட்ட 'களக்'. பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை எனக்குக் காட்டியவர் குழாய் வேலை தெரிந்த ஒரு பெரியவர். சல்லடையைக் கழற்றி, குவளைத் தண்ணீர் ஊற்றியபின் ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்தார். விரல் நீளத்துக்கு ஈரம். சிங்கை நிரப்பித் திறந்துவிட்டபின் மறுபடி விட்டார். நுனி மட்டும் நனைந்திருந்தது. "வளைவு தாண்டி குழாய் படுத்த மாதிரி போகணும், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் போதும். பக்கத்துலயே காத்துக்குழாய் வேணும். காத்து அது வழியா வந்துட்டா வளைவுத் தண்ணியை இழுக்காது" என்றார். வாட்டத்தை அதிகமாகக் கொடுத்தாலும் கெடுதலாம். காற்றுக்குழாய் சேரும் இடத்துக்குள் குழாய் தன் விட்டத்தைவிட அதிகமாக இறங்கினால், காற்று வரும் வாய் வளைவுத் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே போய்விடும், மறுபடி இழுக்க ஆரம்பிக்கும்.

இத்தனையையும் செயலிக்காரர்களிடம் சொன்னேன். "வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள்" என்று ஒரு பதில். அடுத்த ஆள், "உங்கள் கட்டடத்துச் சாக்கடைப் பிரச்சினை, எங்கள் பொறுப்பில் வராது" என்றார். மூன்றாவது ஆளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அவர் பாதியிலேயே அழைப்பை வைத்துவிட்டார். வந்து போன பிளம்பர் என்ன சொன்னார் தெரியுமா? "ராத்திரி படுக்கும்போது ஒரு குவளை தண்ணி ஊத்துங்க சார்." அதாவது காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும்! தெரிந்தேதான் என் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அரை மாதச் சம்பளம், ஒரு நெளிகுழாய்க்கு.

சரி, சொல்ல வந்தது. குவளைத் தண்ணீர் சோதனையை ஏற்காதீர்கள். சிங்கை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடச் சொல்லுங்கள், கடைசிச் சத்தத்தைக் கேளுங்கள், குச்சி விட்டுப் பாருங்கள். வளைவிலிருந்து குழாய் நேராகக் கீழே இறங்கினால் பணம் கொடுக்காதீர்கள். பல நாள் புழங்காத சிங்கில் வாடை வந்தால் தண்ணீர் காய்ந்துபோயிருக்கலாம், அதற்கு ஆளே வேண்டாம், நீங்களே ஊற்றுங்கள். ஒரு ராத்திரி தாண்டும்வரை செயலியில் 'முடிந்தது' என்று அழுத்தாதீர்கள்.