பெண் வாக்குரிமை: நியூசிலாந்து, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து – யாருடைய சம்மதம் தேவைப்பட்டது?

பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால் ஓர் இடத்தில் கண் தானாக நிற்கும். நியூசிலாந்து 1893, அமெரிக்கா 1920, சுவிட்சர்லாந்து 1971. காலனியாக இருந்த இலங்கையில் பெண்கள் 1931-லேயே ஓட்டுப் போட்டார்கள். நேரடி மக்களாட்சிக்குப் பேர்போன சுவிட்சர்லாந்து இன்னும் 40 ஆண்டுகள் காத்திருந்தது. சுவிஸ் ஆண்கள் மற்ற ஊர் ஆண்களைவிட மோசமானவர்களா என்று கேட்பவர்கள் உண்டு. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது: சட்டம் மாற யாரெல்லாம் 'சரி' சொல்ல வேண்டியிருந்தது?

நியூசிலாந்தில் அந்தக் கூட்டம் மிகச் சிறியது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை, பிறகு ஆளுநர் கையெழுத்து, அவ்வளவுதான். ஆகவே இயக்கத்தை முன்நின்று நடத்திய கேட் ஷெப்பர்டும் மதுவிலக்குச் சங்கப் பெண்களும் உறுப்பினர்களைக் குறிவைத்தே வேலை செய்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மனு போட்டார்கள். 1891-இல் 9,000-க்கு மேல் கையெழுத்து, 1893-இல் கிட்டத்தட்ட 32,000. கடைசி ஆண்டின் பெரிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக் கட்டை ஒன்றில் சுருட்டினார்கள். 270 மீட்டருக்கு மேல் நீளம். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவையின் தரையில் உருட்டிவிட்டார்.

ஆனால் மசோதாவைக் கரை சேர்த்தது மனு மட்டும் இல்லை. கீழவை ஏற்றதை மேலவையில் கவிழ்த்துவிடலாம் என்று பிரதமர் செட்டன் நம்பினார். ஆதரவாகக் கணக்கிடப்பட்டிருந்த உறுப்பினர் ஒருவரைத் தந்தி அனுப்பி மறுபக்கம் திருப்பினார். இந்தத் தலையீட்டில் எரிச்சலடைந்த எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் இருவர், பெண் ஓட்டுரிமை பிடிக்காவிட்டாலும், பிரதமரை மூக்கறுக்க ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். 1893 செப்டம்பர் 8: ஆதரவு 20, எதிர்ப்பு 18. செப்டம்பர் 19-இல் ஆளுநர் கையெழுத்திட்டார். மாவோரிப் பெண்களும் இதில் அடக்கம். சில பத்துப் பேர் முடிவெடுக்கும் வழியின் குணம் இது: ஒரு பகைமை, ஒரு தந்தி போதும், பக்கம் மாறிவிடும். அவசரமாகக் கிடைத்ததில் ஒரு குறையும் இருந்தது. ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்க முடியாது. நிற்கும் உரிமை 1919-இல்தான் வந்தது.

அமெரிக்காவில் தேர்தல் தகுதியை மாநிலங்கள் தீர்மானித்தன. அதனால் பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே நீண்ட நாள் சண்டை: மாநிலம் மாநிலமாகப் போவதா, அரசியல் சட்டத்தைத் திருத்துவதா? முதல் வழியில் பெரும்பாலும் ஆண்களின் பொதுவாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும். 1915-இல் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் நான்கிலும் தோல்வி. 1917-இல் நியூயார்க் திரும்பியது. அந்த மாநில உறுப்பினர்கள் இனிப் பெண்களிடமும் ஓட்டுக் கேட்க வேண்டும் என்பதால் வாஷிங்டனில் எடை மாறியது. எது சரியான வழி என்ற சண்டைக்கு என் பதில்: இரண்டில் ஒன்று தனியாகப் போயிருந்தால் எட்டியிருக்காது.

திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிறகு 48 மாநிலங்களில் 36-இன் ஒப்புதல் வேண்டும். 1919 ஜூனில் செனட் ஏற்றது. 1920 ஆகஸ்டில் 35 மாநிலங்கள் முடிந்து, டென்னசியின் முறை வந்தது. அங்கே தீர்மானத்தை ஒத்திப்போடும் முயற்சி 48-க்கு 48 என்று சமனாகித் தோற்றது. அடுத்து, அந்த அவையின் 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியபடியே, ஆதரித்து ஓட்டளித்தார். சட்டைப்பையில் அம்மா எழுதிய கடிதம். ஓட்டுரிமைக்கு ஆதரவாகப் போடு என்று மகனுக்குச் சொல்லியிருந்தார். முடிவு 49-க்கு 47.

இந்த வழியில் நுழைவது கடினம், நுழைந்துவிட்டால் எந்த மாநிலமும் பின்வாங்க முடியாது. ஆனால் அந்தத் திருத்தம் சொன்னது பாலினத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்பது மட்டுமே. தெற்கு மாநிலங்கள் தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் காட்டிக் கறுப்பினப் பெண்களைத் தடுத்தன. பலருக்கு 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை 1920 வெறும் காகிதம்.

சுவிட்சர்லாந்தில் அரசியல் சட்டம் மாற, ஓட்டுள்ளவர்களில் பெரும்பான்மை, கன்டோன்கள் எனப்படும் மாநிலங்களில் பெரும்பான்மை, இரண்டும் வேண்டும். ஓட்டுள்ளவர்கள் என்றால் எல்லாரும் ஆண்கள். ஆக, நியூசிலாந்தில் சில பத்துப் பேரை மாற்றினால் நடந்தது, இங்கே லட்சக்கணக்கானோரை மாற்ற வேண்டும். 1929-இல் ஏறத்தாழ 2,50,000 கையெழுத்துடன் மனு போனது. அரசு கிடப்பில் போட்டது. மனுவுக்கு அஞ்சத் தேவையில்லாத அமைப்பு அது. வாக்கெடுப்பில் தோற்கும் என்று தெரிந்தால் அரசு தொடுவதே இல்லை.

1957-இல் பெண்களுக்கும் குடிமைப் பாதுகாப்புக் கடமை என்ற விதியை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். கடமை பெண்களுக்கு, ஓட்டு ஆண்களுக்கு! வாலே கன்டோனில் உன்டர்பேக் என்ற மலைக் கிராமம் தன் பெண்களையும் வாக்களிக்க விட்டது. அந்த ஓட்டுகள் கணக்கில் சேரவில்லை, ஆனால் செய்தி உலகம் சுற்றியது. 1959 பிப்ரவரி 1-இல் முதல் தேசிய வாக்கெடுப்பு: மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். ஆதரித்தவை வோ, ஜெனீவா, நொய்ஷாத்தெல் என்ற மூன்று பிரெஞ்சு மொழிக் கன்டோன்கள் மட்டுமே. அதே நாளில் வோ தன் கன்டோன் அளவில் உரிமையைக் கொடுத்துவிட்டது.

1959-க்கும் 1971-க்கும் நடுவில் என்ன மாறியது? கன்டோன்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தன. பயந்தது எதுவும் நடக்கவில்லை. 1968-இல் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் பெண் ஓட்டை விலக்கி வைத்துக் கையெழுத்திட அரசு யோசித்ததும் கோபம் வெடித்தது. 1969 மார்ச் 1-இல் ஆயிரக்கணக்கானோர் பெர்னில் திரண்டனர். 1971 பிப்ரவரி 7-இல் 65.7 சதவீதம் ஆதரவு.

அப்போதும் முழுக்க முடியவில்லை, ஏனென்றால் கன்டோன் தேர்தல் கன்டோனின் கையில். அப்பென்சல் இன்னர்ரோடனில் ஆண்கள் திறந்தவெளிச் சதுக்கத்தில் கூடி, கை தூக்கி வாக்களித்து வந்தார்கள். இடுப்பில் தொங்கும் குத்துவாளே வாக்குரிமைக்கு அத்தாட்சியாக இருந்தது. 1990 ஏப்ரலில் அந்தக் கூட்டம் மறுபடியும் பெண்களை மறுத்தது. அதே நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், 1981-இல் சேர்ந்த சமத்துவ விதியைக் காட்டி, கன்டோன் சட்டத்தில் 'குடிமக்கள்' என்றிருப்பது பெண்களையும் சேர்த்துத்தான் என்று தீர்ப்பளித்தது. நேரடி மக்களாட்சி முடிக்காத வேலையை நீதிமன்றம் முடித்தது. மக்கள் கூடி எடுக்கும் முடிவே உயர்ந்தது என்று பேசுவோருக்கு இது சங்கடமான உதாரணம்.

இந்த மூன்றையும்விட வேகமான வழி மேலிருந்து வருவது. 1919 இந்தியச் சட்டம் முடிவை மாகாண அவைகளிடம் விட்டது. ஒரு தீர்மானம் போதும் என்பதால் 1921-இல் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் பலனடைந்த பெண்கள் வெகு சிலரே. இலங்கையில் பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரும்போது ஆண்களைப் போலவே 21 ஆயிற்று. சொத்தும் படிப்பும் கேட்கவில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்து இந்தியத் தமிழர்களுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்கும் நிபந்தனை விழுந்தது. அந்த நிபந்தனைதான் தோட்டப் பெண் பட்டியலில் இருக்கிறாளா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.