டுபாய் குடும்ப வீசாவுக்குக் கொழும்பில் "ஸ்டாம்பிங் காசு" கேட்டால் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்திடம் நாலரை லட்சம் ரூபா கறந்திருக்கிறார்கள். இதே கதையோடு வேறு ஆட்களும் வருவதால், நடந்ததை எழுதி வைக்கிறோம்.

கணவனுக்கு டுபாயில் வேலை, சம்பளம் 4,500 திர்ஹாம். கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியைக் கூப்பிட, காலி வீதிப் பக்கத்து ஏஜென்சி ஒன்றுக்குப் பணம் கட்டினார்கள். பற்றுச்சீட்டில் மூன்று வரி: டிபென்டன்ட் வீசா 220,000, ஸ்டாம்பிங் 130,000, சான்றிதழ் உறுதிப்படுத்தல் 100,000. மனைவியின் கையில் கிடைத்தது 60 நாள் விசிட் வீசா. "போய் இறங்குங்கோ தங்கச்சி, மிச்சத்தை அங்க மாத்தலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நம்புகிறார்கள். உள்ளே போன பிறகு விசிட் வீசாவைக் குடும்ப வதிவிடமாக மாற்ற வழி உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கல்யாணச் சான்றிதழும் முறையாக உறுதிப்படுத்தி இருக்கவேண்டும். இவர்களுக்கு இரண்டையும் சொல்லவில்லை.

டிபென்டன்ட் வீசா என்றால் வேலை செய்கிறவரின் வதிவிடத்தோடு கட்டப்பட்ட, அவரையே ஸ்பொன்சராகக் கொண்ட அனுமதி. அவருடைய வேலை போனால் மனைவியின் அனுமதியும் ஆட்டங்காணும். டுபாயில் இதற்கு விண்ணப்பிக்கிறவர் கணவன்தான். GDRFA எனும் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ, அங்குள்ள ஆமர் சேவை நிலையத்திலோ அவரே போடவேண்டும். கொழும்பு ஏஜென்சிக்கு இதைக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். அது ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கான பத்திரம், குடும்ப வீசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது, 130,000 ரூபா வாங்கிய அந்த ஸ்டாம்பிங். ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பாவிப்பதால் ஏமாற்றுகிறவருக்கு வசதியாகிவிடுகிறது. அமெரிக்காவில் எச்-1பி வீசாவில் வேலை செய்கிறவரின் மனைவி எச்-4 வீசாவுக்கு DS-160 படிவம் நிரப்பி, கொள்ளுப்பிட்டியில் உள்ள தூதரகத்துக்கு நேர்முகத்துக்குப் போகிறார். அங்கே கடவுச்சீட்டில் வீசா ஒட்டித் தருவதைத்தான் ஸ்டாம்பிங் என்கிறார்கள். அது நுழைவதற்கான சீட்டு மட்டுமே, எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் போய் இறங்கிய பிறகு I-94 பதிவு சொல்லும். எமிரேட்ஸில் நடைமுறை வேறு. அங்கே ஸ்டாம்பிங் என்றால், மனைவி போய் இறங்கி, மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகு கடவுச்சீட்டில் வதிவிட ஸ்டிக்கர் ஒட்டுவது. அது கொழும்பில் நடந்ததே இல்லை. 2022இல் அந்த ஸ்டிக்கரையும் நிறுத்திவிட்டு, எமிரேட்ஸ் ஐடி அட்டையையே வதிவிடச் சான்றாக ஆக்கிவிட்டார்கள். பழக்கத்தில் எல்லாரும் இன்னும் "ஸ்டாம்பிங்" என்றே சொல்கிறார்கள். ஆகவே, ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத வேலைக்கு இங்கே காசு வாங்கியிருக்கிறார்கள்.

சரியான ஒழுங்கு இதுதான். இங்கே கல்யாணச் சான்றிதழை உறுதிப்படுத்தி கணவனுக்கு அனுப்பவேண்டும். அவர் சம்பளச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தப் பதிவு, தன் எமிரேட்ஸ் ஐடி, மனைவியின் கடவுச்சீட்டுப் பிரதி, படம் எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பிப்பார். சம்பளம் 4,000 திர்ஹாம் இருக்கவேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். 2019இல் இருந்து என்ன வேலை என்று பார்ப்பதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். அனுமதியானதும் மின்னஞ்சலில் நுழைவு அனுமதி வரும். வழங்கிய நாளில் இருந்து 60 நாளுக்குள் நுழையவேண்டும். நுழைந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, கைவிரல் பதிவு, மருத்துவக் காப்புறுதி, ஐடி எல்லாவற்றையும் முடிக்க இன்னொரு 60 நாள் இருக்கிறது.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது சான்றிதழில்தான். கோயிலில் தாலி கட்டிய படம் உதவாது, பதிவாளர் பதிந்த சான்றிதழ் வேண்டும். பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றவேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் இருவரின் கடவுச்சீட்டுப் பிரதியையும் கட்டாயம் கொடுங்கள். தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயருக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டு வரும். கடவுச்சீட்டில் முழுப்பெயரும் சான்றிதழில் முதலெழுத்தும் இருந்தாலே அங்கே கேள்வி கேட்பார்கள். மொழிபெயர்ப்பு கையில் வந்ததும் இரண்டையும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தவேண்டும். கொழும்பு ஆட்களுக்கு அது பத்தரமுல்லை, வடக்கில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் கிளை உண்டு. அதற்குப் பிறகு கொழும்பில் உள்ள எமிரேட்ஸ் தூதரகம், கடைசியாக எமிரேட்ஸ் வெளிவிவகார அமைச்சு. ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த இடத்தில் எடுக்கமாட்டார்கள்.

அந்த வெள்ளவத்தைச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் இருந்தது நொத்தாரிசின் சிவப்பு முத்திரை ஒன்று மட்டும். கொன்சியூலர் பிரிவின் முத்திரையும் இல்லை, தூதரகத்தின் முத்திரையும் இல்லை. 100,000 ரூபாவுக்கு நடந்த வேலை அவ்வளவுதான். ஆமர் நிலையத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். சான்றிதழைக் கூரியரில் கொழும்புக்கு அனுப்பி, தங்கை பத்தரமுல்லைக்கும் தூதரகத்துக்கும் அலைந்து, திரும்பக் கிடைக்கும்போது விசிட் வீசா முடிந்து 11 நாள். ஒரு நாளைக்கு 50 திர்ஹாம்படி 550 திர்ஹாம் தண்டம் கட்டினார்கள். வீசாவை மாற்றும் கட்டணம் வேறு.

கையில் வந்த காகிதம் எது என்பதை விமானம் ஏறுவதற்கு முதலே கண்டுபிடிக்கலாம். அதில் Sponsor என்று ஒரு வரி இருக்கும். குடும்ப அனுமதியானால் அங்கே கணவனின் பெயர் இருக்கவேண்டும். பயண நிறுவனம் ஒன்றின் பெயரும், வீசா வகையில் Tourist என்ற சொல்லும் இருந்தால், ஏஜென்சி எந்தப் பெயரில் விற்றிருந்தாலும் அது சுற்றுலா வீசாதான். அனுமதி உண்மையானதா என்று gdrfad.gov.ae தளத்தில் கணவனே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. விசிட் வீசாவோடு தனியே போகும் பெண்ணைக் கட்டுநாயக்கவில் வேலைக்குப் போகிறாரோ என்று விசாரிப்பதும் உண்டு. கணவனின் ஐடி பிரதியும் கல்யாணச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும்.

ஏஜென்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தரமுல்லைக்கும் தூதரகத்துக்கும் அலைய ஆளில்லாவிட்டால் அந்த ஓட்டத்துக்கு மட்டும் காசு கொடுப்பது நியாயம்தான். அப்படியானால் பற்றுச்சீட்டில் "கொன்சியூலர் உறுதிப்படுத்தல், எமிரேட்ஸ் தூதரக உறுதிப்படுத்தல்" என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மிச்சக் காசை, இரண்டு முத்திரையும் விழுந்த சான்றிதழைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்த பிறகு கொடுங்கள். வெள்ளவத்தைக் குடும்பம் வாட்சப் செய்திகளையும் வங்கிச் சீட்டையும் கொண்டுபோய்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறது. பற்றுச்சீட்டில் "ஸ்டாம்பிங்" என்ற வரி எழுத்தில் இருப்பதால், செய்யவே முடியாத வேலைக்குக் காசு வாங்கியதை ஏஜென்சி மறுக்க முடியாமல் நிற்கிறது. 130,000 ரூபாவைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் தரவில்லை.