“சின்ன மாற்றம்தான் தம்பி”: கூடுதல் வேலை கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் நான்கு வழிகள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். பேசிய தொகை 75,000 ரூபாய், ஐந்து வாரம். ஒன்பது பக்கங்கள், 60 சேலைகள், ஆன்லைனில் பணம் கட்டும் வசதி, எல்லாம் ஆங்கிலத்தில். என் கணக்கில் அது 90 மணி நேர வேலை. அதாவது மணிக்கு 830 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

மூன்றாவது வாரத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன. முதலில் நிறம், லோகோ அளவு, ஒரு போன் நம்பர். அப்புறம், “தம்பி, 60 சேலை பத்தாதுங்க, 140 போட்டுடலாம்.” இரண்டு நாள் கழித்து, “நம்ம ஊர் ஆளுங்க பார்க்கணும், தமிழ்லயும் இருந்தா நல்லா இருக்கும்.” அடுத்த வாரம், “மொத்த வியாபாரிகளுக்குத் தனி விலை காட்டணும். சின்ன மாற்றம்தான் தம்பி.”

அவர் ஏமாற்றவில்லை. அவர் பார்வையில் அது உண்மையிலேயே சின்ன மாற்றம்தான், ஏனென்றால் அவருக்குத் தெரிவது திரையில் மாறும் ஒரு எண் மட்டும். எனக்கோ வியாபாரிகளுக்குத் தனி லாகின் வேண்டும், வருகிறவர் வியாபாரிதானா என்று கடையில் ஒருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் இரண்டாவது விலை ஏற்ற வேண்டும், அந்த விலை சில்லறை வாடிக்கையாளர் கண்ணிலோ கூகுள் தேடலிலோ படக் கூடாது. குறைந்தது பத்து சேலை என்ற கட்டுப்பாடு, கூரியருக்குப் பதில் லாரி பார்சல் கட்டணம், கடைசியில் பணம் கட்டும் பகுதியை முதலிலிருந்து சோதிப்பது. கூட்டினால் 22 மணி நேரம். தமிழ்ப் பக்கங்களுக்கு 14, கூடுதல் 80 சேலைகளுக்குச் சேலைக்கு 12 நிமிடம் வீதம் 16, சில்லறைத் திருத்தங்களுக்கு 4. ஆக 56 மணி நேரம் கூடுகிறது.

இந்த 56 மணி நேரத்துக்கு என்ன பதில் சொல்வது? நான்கு வழிகளையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

சும்மா செய்து கொடுப்பது

நம்மில் பலர் முதலில் எடுப்பது இந்த வழிதான். உறவு கெடக் கூடாது, நாலு பேரிடம் சொல்வார் என்ற எண்ணம். 75,000 ரூபாயை 146 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 514 ரூபாய் வருகிறது. ஆனால் பணத்தை விடப் பெரிய நஷ்டம், விலை இல்லாமல் போன வேலைக்கு வாடிக்கையாளர் மனத்தில் மதிப்பும் இல்லாமல் போவது.

இதற்கு முன் ஒரு பயிற்சி மையத்துக்கு இப்படித்தான் கேட்டதையெல்லாம் செய்துவிட்டு, முடிவில் தயங்கித் தயங்கி 15,000 ரூபாய் சேர்த்துக் கேட்டேன். “முன்னாடியே சொல்லியிருந்தா அதெல்லாம் வேண்டாம்னு சொல்லியிருப்பேனே” என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்து, எதிர்த் தரப்பு பலனையும் அனுபவித்த வேலைக்கு ஈடு கேட்க இடம் தருகிறது. ஆனால் அந்த எண்ணம் இருந்தது என்று காட்ட, வேலை தொடங்கும்போது ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும் இல்லையா? நான் எழுதியிருந்தது “ஓகே சார், பண்ணிடலாம்” மட்டும்.

இலவசமே கூடாது என்று சொல்லவில்லை. அரை மணி நேர வேலையைச் சும்மா செய்யலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். என் ஒப்பந்தத்தில் இப்போது “சிறு திருத்தங்களுக்கு 4 மணி நேரம் இந்தத் தொகைக்குள் அடங்கும்” என்று ஒரு வரி இருக்கிறது. நிறம் மாற்றியதும், “அண்ணா, மாத்திட்டேங்க. நாலு மணி நேரத்துல மூணே கால் மீதி இருக்குங்க” என்று அனுப்பிவிடுவேன். இரண்டு மூன்று முறை இதைப் பார்த்தவர், நான்காவது திருத்தத்தைக் கேட்கும் முன் தானே யோசிக்கிறார்.

ஒப்பந்தத்தைக் காட்டி மறுப்பது

“இது பேசினதுல இல்லைங்க” என்று சொல்வது இரண்டாவது வழி. உரிமை நம் பக்கம்தான். ஆனாலும் ஈரோட்டுக் கடைக்கு இது சரிப்படாது. மொத்த வியாபாரம்தான் அவருக்குப் பாதி வருமானம். அவருக்கு உண்மையான தேவை இருக்கிறது, அதற்குக் கொடுக்கப் பணமும் இருக்கிறது, செய்ய நானும் இருக்கிறேன். மறுத்தால் 22 மணி நேர வருமானம் எனக்குத்தான் நஷ்டம்.

தள்ளிப்போட முடியாத தேதி இருக்கும்போது மட்டும் மறுப்பேன். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் பணம் கட்டும் பகுதியில் கை வைப்பது ஆபத்து என்றால், எவ்வளவு கொடுத்தாலும் “தீபாவளி முடிஞ்சதும் முதல் வேலையா செஞ்சிடலாம் அண்ணா” என்பதுதான் பதில்.

ஒன்றைச் சேர்த்து ஒன்றை எடுப்பது

தொகையும் தேதியும் மாறாமல் வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழி. “தமிழ்ப் பக்கம் வேணும்னா கட்டுரைப் பகுதியையும் வாடிக்கையாளர் கருத்துப் பகுதியையும் எடுத்துடலாங்களா?” என்று கேட்கலாம். கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாத நிறுவனங்களுக்கு இது நல்ல வழி. எடுக்கப்போகும் வேலை இன்னும் தொடங்காமல் இருந்தால்தான் இது நடக்கும். தையல்காரரிடம் துணியை வெட்டும் முன் கையை அரைக்கையாக்கச் சொல்லலாம், வெட்டிய பிறகு அரைக்கையை முழுக்கையாக்கச் சொன்னால் துணி எங்கே போவது? ஈரோட்டில் அவர் கேட்டபோது கருத்துப் பகுதி முடிந்தே விட்டது. மாற்றிக்கொள்ள என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

விலையும் தேதியும் எழுதித் தருவது

கடைசியில் இந்த வழியைத்தான் எடுத்தேன். என் அனுபவத்தில் பத்தில் எட்டு வேலைக்கு இதுதான் பொருந்துகிறது. கோரிக்கை வந்த மறுநாளுக்குள், ஒரே செய்தியில், ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி நாள். நான் அனுப்பியது இதுதான்:

> அண்ணா வணக்கம். நேத்து வரைக்கும் நீங்க சொன்ன மூணும் செய்யலாங்க. பேசின 75,000-ல இவை இல்லாததால தனியா கணக்குப் போட்டிருக்கேன்.
> மொத்த விலைக்கு லாகின்: 19,800 ரூபாய், முடிக்கும் தேதி 6 நாள் தள்ளும்.
> தமிழ்ப் பக்கங்கள்: 12,600 ரூபாய், 4 நாள்.
> கூடுதல் 80 சேலை, நான் ஏத்தினா: 14,400 ரூபாய், 4 நாள். எக்செல் தாள்ல கடைப் பையனே விவரம் நிரப்பித் தந்தா: 3,600 ரூபாய், 1 நாள்.
> எது இப்ப வேணும், எது அப்புறம் பார்க்கலாம்னு சொல்லுங்க. நீங்க ‘சரி’ன்னு பதில் போட்டதும் அதுல பாதி முன்பணம் வாங்கிட்டு ஆரம்பிக்கிறேன். பேசின வேலை அதுபாட்டுக்கு நடக்குதுங்க.

இதில் முக்கியமானது ‘செய்யலாங்க’ என்று தொடங்குவது. ‘ஆனால்’ என்ற சொல்லே செய்தியில் இல்லை. ‘மன்னிக்கணும்’ என்றும் எழுதவில்லை, ஏனென்றால் கூலி கேட்பது மன்னிப்புக் கேட்கும் காரியம் இல்லை. விலையைச் சொல்லிவிட்டு அதற்குச் சமாதானமாக நாலு வரி எழுதினால் பேரத்துக்கு நாமே வாசல் திறந்துவிடுகிறோம். சேலைகளுக்கு மட்டும் இரண்டு விலை கொடுத்தேன். விலை அதிகம் என்று தோன்றினால் அவருக்கு இறங்கி வர ஒரு படி இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் 18 சதவீதம் தனி என்பதையும் இதே செய்தியில் சொல்லிவிட வேண்டும், பில்லில் பார்த்து அவர் அதிரக் கூடாது.

மாலையில் போன் வந்தது. “நம்ம பையன்னு நினைச்சேன், இப்படி விலை போடறீங்களே.” இந்த வார்த்தைக்கு முன்னால்தான் பலர் சரிந்துவிடுகிறோம். “நம்ம கடைன்னு நினைச்சுத்தான் அண்ணா எது இல்லாமயும் ஓட்டலாம்னு பிரிச்சுப் போட்டேன். முதல்ல எது இருந்தா வியாபாரம் வரும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மொத்த விலை இப்போதே வேண்டும், சேலைகளைக் கடைப் பையன் நிரப்புவான், தமிழ் அப்புறம் என்றார். விலை தெரியாதவரை மூன்றுமே அவசரமாக இருந்தன. போனில் பேசியதை அப்படியே எழுதி அனுப்பி ‘சரி’ வாங்கிக்கொண்டேன். மின்னணு முறையில் ஆன ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் நான் அதை வாங்குவது வழக்குக்காக இல்லை, ஒரு மாதம் கழித்து இருவருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும் என்பதால்.

கூடுதலாக 23,400 ரூபாய், மொத்தம் 98,400. வேலை 120 மணி நேரம். மணிக்கு 820 ரூபாய். முதலில் போட்ட கணக்கை விடப் பதின்மூன்று ரூபாய்தான் குறைவு, அதுவும் 4 மணி நேரத் திருத்தம் சும்மா செய்ததால்.

இந்த வழி சறுக்கும் இடங்களும் உண்டு. கோரிக்கை உண்மையில் நம் பிழையாக இருக்கலாம். செல்போனில் பட்டன் அமுங்கவில்லை என்றால் அது மாற்றம் இல்லை, நாம் சரி செய்ய வேண்டிய கோளாறு. அதற்கு விலை சொன்னால் நம்பிக்கை அன்றோடு போய்விடும். இரண்டுக்கும் நடுவிலும் சில வரும். “சேலைப் பக்கம்” என்று மட்டும் எழுதியிருந்தேன், அதில் நிறம் வாரியாகத் தேடும் வசதி இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். தெளிவாக எழுதாதது என் தவறு என்பதால் பாதி விலை சொல்வதுண்டு.

இன்னொன்று, பணம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது. 60 சதவீதம் கடைசியில் வரும்படி வைத்திருந்தால், “இதையும் முடிச்சுக் கொடுங்க, மொத்தமா தந்துடறேன்” என்ற ஒரு வரியில் எழுதிய விலையெல்லாம் கரைந்துவிடும். நான் 40, 40, 20 என்று பிரிக்கிறேன். கடைசி 20, தளத்தைக் காட்டிப் பத்து நாளுக்குள், திருத்தம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

வாரத்துக்கு மூன்று முறை மனம் மாறுகிற, ஆனால் கேட்டால் பணம் தருகிற வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு முறையும் விலை எழுதுவது இருவருக்கும் சலிப்பு. அவருக்கு மாதம் 10 மணி நேரம், 9,000 ரூபாய், முன்கூட்டியே என்று வைத்துவிடலாம். மிச்ச நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா போகாதா என்பதை மட்டும் முதல் நாளே எழுதிவிடுங்கள், சண்டை வருவது அங்கேதான்.

தளம் திறந்து இரண்டு மாதம் கழித்து ஈரோட்டிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. “தம்பி, அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கு 12,600-தானே சொன்னீங்க? பாதி அனுப்பிட்டேன், பாருங்க.”