இழுத்துப் போடுவதா, adb-யா?

என் ஆண்ட்ராய்டு போனின் Camera ஃபோல்டரில் ஆறாயிரம் படங்கள். விண்டோஸ் கணினிக்கு வழக்கம்போல் இழுத்துப் போட்டேன், பாதியில் நின்றது. இந்த வழி, கேபிள் வழியே போனுக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளை மாற்றும் எம்.டி.பி. முறையில் நடக்கிறது. ஃபோல்டர் பெரிதானால் பட்டியல் எடுக்கவே திணறும். அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராது. ஐம்பது, நூறு படங்களுக்கு இதுவே போதும்.

மற்றொரு வழி, போனில் USB debugging-ஐ இயக்கிவிட்டு, ஆண்ட்ராய்டு போனுக்குக் கணினியிலிருந்து கட்டளை தரும் adb என்ற கருவியை நிறுவிய கணினியில் இந்தக் கட்டளையைத் தருவது:

```
adb pull -a /sdcard/DCIM/Camera D:\Camera
```

`-a` இருந்தால் படங்களின் பழைய தேதி மாறாது. முடிந்ததும் எத்தனை கோப்புகள் வந்தன என்று சொல்லிவிடும். முதல்முறை அமைப்பது சற்றுத் தொல்லைதான், ஆனாலும் பெரிய ஃபோல்டருக்கு என் வாக்கு இதற்கே.

கேபிள் மோசமானால் இரண்டுமே நிற்கும். இணைப்பு நொடிப்பொழுது விட்டாலும் பல போன்கள் ‘சார்ஜ் மட்டும்’ நிலைக்குத் திரும்பிவிடுகின்றன, எம்.டி.பி. அத்தோடு முடிந்தது. நகல் ஓடும்போது பிளக் அருகே கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். கணினி ‘டிங்’ என்று இணைப்பு ஒலி எழுப்பினால் கேபிளோ போனின் துளையோதான் குற்றவாளி. துளையில் சேர்ந்த பஞ்சையும் ஒருமுறை பார்த்துவிடலாம். என் போனில் அதுதான் இருந்தது.