நிகர லாபம் என்று சொல்லிக் கையில் கொடுத்த ஒற்றைத் தாள்: பார்ட்னர்ஷிப்பில் இருப்பவர்கள் கவனிக்க

திருப்பூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் எனக்கு 40 சதவீதப் பங்கு. தினசரி நிர்வாகம் இன்னொரு பங்குதாரரிடம். 2024-25 கணக்கு முடிந்ததும் எக்செல்லில் அடித்த ஒரு தாளை நீட்டி, "உங்க பங்கு 1,60,704 ரூபாய்" என்றார். எல்லாச் செலவும் போக, வரிக்கு முன் லாபம் 15 லட்சம் என்று ஆடிட்டர் முடித்த கணக்கே சொல்கிறது. மீதி எங்கே போனது?

தாளைப் பார்த்தால் இரண்டு வரிகள்தான் விஷயம். ஒன்று, அவருக்கு மாதம் 40,000 சம்பளம் என்று 4,80,000. இன்னொன்று, ஓவர்லாக் மிஷின் வாங்கியதாக 3 லட்சம். கேட்டால், "மிஷின் வாங்கியாச்சே அண்ணே, காசு எங்க இருக்கு?" என்கிறார்.

ஒப்பந்தத்தில் எழுதாத வரை நிர்வாகம் பார்க்கும் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. 1932-ஆம் ஆண்டு பங்குதாரர் சட்டத்தின் 13-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. எங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை. மிஷின் சொத்து, அதன் தேய்மானம் ஏற்கெனவே செலவில் போய்விட்டது. முழு விலையையும் லாபத்தில் மறுபடி கழித்தால் ஒரே மிஷினுக்கு இரண்டு முறை கழித்த மாதிரி. கையில் ரொக்கம் இல்லை என்றால் தவணை கேட்கலாம், சரி. அதற்காக லாபமே இல்லை என்று ஆகிவிடுமா?

வாட்ஸ்அப்பில் கேட்டால் "பார்க்கலாம்" என்பதற்கு மேல் பதில் வராது. ஆடிட்டரிடம் லாப நட்டக் கணக்கின் நகல் வாங்கிக்கொண்டு (12-ஆம் பிரிவுப்படி கணக்கைப் பார்க்கவும் நகலெடுக்கவும் எல்லாப் பங்குதாரருக்கும் உரிமை உண்டு) பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்பினேன். முக்கியப் பகுதி இது:

"1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான கணக்காண்டுக்கு, தணிக்கையான கணக்குப்படி வரிக்கு முந்தைய லாபம் ரூ.15,00,000. வருமான வரி 31.2 சதவீதம், ரூ.4,68,000 போக மீதம் ரூ.10,32,000. பத்திரத்தில் கண்ட 40 சதவீத விகிதப்படி என் பங்கு ரூ.4,12,800. ஆண்டுக்குள் நான் எடுத்த ரூ.1,00,000-ஐக் கழித்து, வர வேண்டியது ரூ.3,12,800. பத்திரத்தில் இல்லாத சம்பளத்தையும் மிஷின் விலையையும் கழித்ததை நான் ஏற்கவில்லை. 15 நாட்களுக்குள் தொகையையோ, எந்த ஷரத்தின்படி கழித்தீர்கள் என்ற எழுத்துப்பூர்வ விளக்கத்தையோ அனுப்பவும்."

நான் எடுத்த ஒரு லட்சத்தை நானே கழித்துக் காட்டியதால், "முன்பணத்தை மறைக்கிறார்" என்று சொல்ல அவருக்கு வழியில்லை. காலமும் கணக்கும் இல்லாமல் "என் பங்கைக் கொடுங்க" என்று மட்டும் எழுதியிருந்தால், அதே ஒற்றைத் தாளைத்தான் மறுபடி நீட்டியிருப்பார்.

இன்னொன்று. உங்கள் நிறுவனம் பதிவானதா என்று இப்போதே பாருங்கள். பதிவாகாத நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒப்பந்தப்படி பங்கு கேட்டு வழக்குப் போட 69-ஆம் பிரிவு விடாது. கலைத்துக் கணக்குக் கேட்க மட்டுமே முடியும். எங்களுடையது பதிவானது. அது அவருக்கும் தெரியும்.

சம்பளக் கழிவை விட்டுவிட்டு 1,92,800 அனுப்பினார். மிஷின் பெயரில் பிடித்த 1,20,000 இன்னும் வரவில்லை. அதற்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.