டேஷ்போர்டில் ஏறிய எண்ணை நம்பி ரூ.85,000 கொடுத்துவிட்டேன், நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்

இன்னும் கை நடுங்குகிறது. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கோவையிலிருந்து ஒரு சின்ன ஆப் நடத்துகிறேன். ரவிக்கை அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் தமிழில் வீடியோவாக இருக்கும். பதிவு செய்வது இலவசம், முழுப் பாடம் ரூ.500. வாரத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் வரை பதிவு செய்கிறார்கள், வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைக் கூட்டித் தருகிறோம் என்று ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி வந்தது. பெயர் போடவில்லை. இந்த மாதிரி ஏஜென்சி ஊருக்கு நாலு இருக்கிறது.

ஒப்பந்தம் இதுதான். ஆரம்பத்தில் ரூ.25,000. பதிவு செய்தவர்களில் வாங்குகிறவர்களின் விகிதம் இரட்டிப்பானால் மேலும் ரூ.60,000. விகிதத்தை அவர்கள் அமைத்த டேஷ்போர்டில் பார்த்துக்கொள்ளலாம், அதில் தெரியும் எண்ணே இறுதி. அந்தக் கடைசி வரியில்தான் நான் விழுந்தேன்.

ஜூன் 12, வியாழக்கிழமை மாலை முதல் மீட்டிங். டேஷ்போர்டில் ஒவ்வொரு வாரமும் பதிவு செய்தவர்கள் ஒரு கோஹார்ட், அதாவது ஒரு குழு. பதிவு செய்த 30 நாளுக்குள் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அதிலுள்ள ஃபனல், அதாவது பதிவிலிருந்து வாங்குவது வரையிலான கணக்கு, எண்ணும். ஜூன் 2 முதல் 8 வரையிலான கோஹார்ட்டில் 1,200 பேர், வாங்கியவர்கள் 31. அதாவது 2.6 சதவீதம். "இதுதான் நம்ம ஆரம்பப் புள்ளி, அக்கா" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டார் ஏஜென்சியிலிருந்து வந்த தம்பி. நானும் சரி என்றேன். அந்த 1,200 பேரும் பதிவு செய்து நாலு நாள் முதல் பத்து நாள்தான் ஆகியிருந்தது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. 30 நாள் அவகாசத்தில் பாதிகூடப் போகவில்லை.

அவர்கள் வாங்கும் பட்டனை இடம் மாற்றினார்கள். பதிவு செய்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் நினைவூட்டல் அனுப்பினார்கள். ஜூன் 26 அன்று மறுபடி உட்கார்ந்தோம். அதே கோஹார்ட் 4.8 சதவீதம். "இருங்க அக்கா" என்று என் முன்னாலேயே ரிஃப்ரெஷ் செய்தார். 4.9 ஆனது. யாரோ ஒருவர் அந்த நிமிஷத்தில் வாங்கியிருக்கிறார், 58 பேர் 59 ஆனார்கள். நான் அவரை நம்பியது அந்த நொடியில்தான். கண்ணெதிரே ஏறும் எண்ணை யார் சந்தேகிப்பார்கள்? வீட்டுக்காரரிடம்கூட அன்று ராத்திரி பெருமையாகச் சொன்னேன். ஜூலை 17 அன்று 74 பேர், 6.2 சதவீதம். 2.6 எங்கே, 6.2 எங்கே! இரட்டிப்புக்கும் மேல். அன்று மாலையே ரூ.60,000 அனுப்பினேன். மொத்தம் ரூ.85,000 போயிற்று. 170 பேர் பாடம் வாங்கினால்தான் எனக்கு அந்தப் பணம் வரும்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை, ஜூலை 23 புதன்கிழமை இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. இந்தத் தடவை ரிட்டென்ஷன், அதாவது பதிவு செய்த வாரத்துக்கு அடுத்த வாரம் எத்தனை பேர் திரும்ப வந்து ஆப்பைத் திறந்தார்கள் என்ற கணக்கு. முந்தைய வாரங்களில் எல்லாம் 22 முதல் 24 சதவீதம். கடைசி வரியில் 9. "நாங்க கையை எடுத்ததும் விழுந்துடுச்சு பாருங்க அக்கா, மாசம் 30,000 போட்டா தொடர்ந்து பார்த்துக்கறோம்." இரண்டு நாள் தூக்கமில்லை. கையில் பணம் இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். இல்லாததால் தப்பித்தேன்.

திங்கட்கிழமை காலை டேஷ்போர்டைத் திறந்தால் அந்த 9 இருந்த இடத்தில் 23. நான் எதுவும் செய்யவில்லை, வாரம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். புதன்கிழமை பார்த்தபோது திரும்பி வருவதற்கான ஏழு நாளில் மூன்று நாள்கூட நிறையவில்லை. வராதவர்கள் என்று காட்டப்பட்டவர்களில் பலருக்கு வருவதற்கான நாளே இன்னும் வந்திருக்கவில்லை.

அப்போதுதான் பழைய 2.6 உறைத்தது. பணம் வாங்கும் கேட்வேயிலிருந்து பட்டியலை இறக்கி எக்செலில் போட்டேன். A பத்தியில் பதிவு செய்த தேதி, B பத்தியில் பணம் கட்டிய தேதி, D2-இல் வாரம் தொடங்கும் திங்கட்கிழமை. முதல் மீட்டிங் நடந்தது அந்த வாரத் திங்களிலிருந்து பதினோராவது நாள். பழைய கோஹார்ட்டுகள் தங்களுடைய பதினோராவது நாளில் எப்படி இருந்தன என்று பார்க்க இது போதும்:

```
=COUNTIFS(A:A,">="&D2,A:A,"<"&D2+7,B:B,"<"&D2+11)
```

இதை அந்த வாரம் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். மார்ச், ஏப்ரல் வாரங்கள் எல்லாம் 2.4-க்கும் 2.7-க்கும் நடுவில். அதே வாரங்கள் முடிவில் நின்றது 5.9 முதல் 6.3 வரை. ஏஜென்சி என் வாசலுக்கே வராத மாதங்கள் இவை! சரி, அவர்கள் மாற்றம் செய்த பிறகு பதிவு செய்தவர்களையாவது பார்ப்போம் என்று ஜூன் 16, ஜூன் 23 வாரங்களையும் போட்டேன். பதினோராவது நாளில் 2.5, 2.6. ஒரு புள்ளிகூட நகரவில்லை. பச்சைக் காயை ஒரு நாள் காட்டி, பழுத்த பிறகு இன்னொரு நாள் காட்டி, பழுக்க வைத்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரூ.85,000.

ஃபோன் செய்தேன். முதல் நாள், "டேட்டா லைவ் அக்கா, மாறிக்கிட்டேதான் இருக்கும்." மறுநாள், நெட் இல்லாத ஃபோன்களிலிருந்து தகவல் தாமதமாக வரும் என்றார். அப்படி வருவது உண்டு, ஆனால் பணம் கட்டிய தேதியை வைத்து நான் எண்ணியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது நாள் மேனேஜர் என்று ஒருவர் பேசினார். "எந்த 9 சதவீதம் மேடம்? டேஷ்போர்டுல 23 தானே இருக்கு?" ஒவ்வொரு ரிஃப்ரெஷிலும் எல்லாவற்றையும் புதிதாக எண்ணிப் பழையதன் மேலேயே எழுதிவிடும் டேஷ்போர்டு அது. நேற்று என்ன காட்டியது என்பதற்கு அதில் தடயமே கிடையாது. என்னிடம் இருப்பது வாட்ஸ்ஆப் படங்கள் மட்டும்தான். ஒப்பந்தத்தில் டேஷ்போர்டு எண்ணே இறுதி என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவகாசம் முடியாத கோஹார்ட்டை ஆரம்பப் புள்ளியாக ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கோஹார்ட்டை இரண்டு தேதியில் காட்டினால் அது முன்னேற்றம் ஆகாது. வேறு வேறு கோஹார்ட்டை, ஒவ்வொன்றும் தொடங்கி அதே எண்ணிக்கை நாள் ஆனபோது எப்படி இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். கடைசி வரியைப் பார்த்துப் பயந்து பணம் அனுப்பாதீர்கள், அந்த வாரம் முடியட்டும். வாரா வாரம் எண்களை ஒரு ஷீட்டில் தேதி போட்டு நீங்களே எழுதி வையுங்கள். இறுதிக் கணக்கு உங்கள் கேட்வே பட்டியலிலிருந்துதான் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

நேற்று என் எக்செலையும் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளையும் சேர்த்து அந்தத் தம்பிக்கு அனுப்பி, ரூ.60,000-ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. இன்னும் பதில் இல்லை.