சராசரி ஆர்டர் மதிப்பா, இடைநிலை மதிப்பா?

ஒரு நாளில் ஒன்பது ஆர்டர்கள்: 300, 350, 400, 400, 450, 500, 500, 600, அப்புறம் மொத்தமாக வாங்கிய ஒருவரின் 41,500. கூட்டினால் 45,000, சராசரி 5,000. ஆனால் 5,000-க்குப் பக்கத்தில்கூட ஒரு ஆர்டரும் இல்லை! இதை நம்பி இலவச டெலிவரிக்கு 5,500 என்று வரம்பு வைத்தால், வழக்கமாக வாங்குபவர் யாரும் அதை எட்டமாட்டார்.

இடைநிலை எடுக்க, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் ஐந்தாவதைப் பார்த்தால் போதும்: 450. அந்தப் பெரிய ஆர்டர் இரட்டிப்பானாலும் இது அசையாது. வரம்பை 600 வாக்கில் வைக்கலாம் என்று இதிலிருந்துதான் தோன்றும்.

சரி, சராசரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. 450-ஐ ஒன்பதால் பெருக்கினால் 4,050தான் வரும். வருமானக் கணக்குக்குச் சராசரியே வேண்டும். ஷீட்டில் `AVERAGE`, `MEDIAN` இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முதலாவது பல மடங்கு பெரிதாக இருந்தால், மொத்தமாக வாங்கிய பெரிய ஆர்டர்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.